எல்லாம் நல்லாத்தான் போகுது அக்கா

மூவாயிரம் துண்டறிக்கைகள். ஒவ்வொன்றிலும் "செப்டம்பர் 24" என்று அச்சாகியிருந்த இடத்தின் மேல் "அக்டோபர் 1" என்று ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர். கிள்ளானில் ஒரு சேலைக் கடையின் மாடியில், கடையில் வேலை செய்யும் பெண்கள் இரண்டு பேரும் நானும் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒட்டினோம். இரவு ஒன்பது மணிக்குக் கடை உரிமையாளர் அக்கா எங்கள் மூன்று பேருக்கும் தே தாரேக் வாங்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, என்னிடம் ஒன்றும் பேசாமல் கீழே இறங்கிப் போனார். திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

அத்தனைக்கும் காரணம் நான் எழுதிய ஒரு மின்னஞ்சல். எழுதாமல் விட்டதால் வந்த வினை அல்ல. எழுதினேன், அதுவும் பதினோரு பத்திகள்.

வானொலியில் என்னைக் கேட்பவர்களுக்கு இது தெரிந்திருக்காது. நிலையத்தின் அனுமதியோடு, நிகழ்ச்சி இல்லாத நாள்களில், ஒலிப்பதிவு நண்பர் ஒருவருடன் சேர்ந்து வெளியாருக்கு ஒலித்தொடர்கள் செய்து கொடுக்கிறேன். 2024 தீபாவளிக்கு அந்தக் கடைக்காக ஆறு பாகத் தொடர் ஒன்று எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு பாகமும் பத்து நிமிடம், ஒரு சேலை, அதற்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் கதை. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. அதற்கு முன்னால் ஆறு செவ்வாய்க்கிழமைகள், ஆறு பாகங்கள். முதல் செவ்வாய் செப்டம்பர் 24.

செப்டம்பர் 9, திங்கட்கிழமை இரவு, வேலை எந்த அளவில் இருக்கிறது என்று அக்காவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். எந்த எந்தக் கதை பதிவானது, யார் யார் அழுதார்கள், எந்த இடத்தில் மழைச் சத்தம் அழகாக விழுந்தது என்றெல்லாம் எழுதினேன். ஒன்பதாவது பத்தியில் இது இருந்தது:

"அத்துடன், தலைப்பு இசைக்காக நாம் பேசிய பழைய திரைப்பாடலுக்கு இன்னும் அனுமதி வராத நிலையில், தேவைப்பட்டால் புதிதாக இசை அமைத்துக்கொள்வது பற்றியும் யோசிக்கலாம் என நினைக்கிறோம். உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது கருத்தைச் சொன்னால், புதன்கிழமைக்குள் அடுத்த வேலையைத் தொடங்க வசதியாக இருக்கும்."

இந்தப் பத்தியில்தான் மொத்தத் தொடரும் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய பாடல் ஒன்றைப் பயன்படுத்த இரண்டு இடத்தில் அனுமதி வேண்டும். பாட்டையும் வரிகளையும் உருவாக்கியவர்களின் உரிமை ஒன்று, அந்த ஒலிப்பதிவின் உரிமை இன்னொன்று. இரண்டு பக்கமிருந்தும் பதில் இல்லை. புதிதாக இசை அமைத்துக் கொடுக்க ஒருவர் தயாராக இருந்தார். அவருக்கு ஐந்து வேலை நாள் தேவை, பிறகு குரலோடு கலக்க எங்களுக்கு ஒரு நாள். இப்போது நாள்காட்டியைப் பாருங்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 16, திங்கட்கிழமை, மலேசிய தினமும் நபிகள் நாயகம் பிறந்தநாளும் ஒரே நாளில் விழுந்தன. அதனால் 17, செவ்வாயும் விடுமுறை. சனி ஞாயிறோடு சேர்த்து நான்கு நாள். ஆக, 11, புதன் மாலை அக்கா சரி என்று சொன்னால் இசையமைப்பாளர் 12, 13, 18, 19, 20 ஆகிய ஐந்து நாளில் முடிப்பார், 23, திங்கள் நாங்கள் கலப்போம், 24, செவ்வாய் வெளியீடு. ஒரு நாள் தவறினாலும் தேதி போய்விடும்.

இந்தக் கணக்கெல்லாம் என் நோட்டில் சுத்தமாக இருந்தது. மின்னஞ்சலில் இல்லை.

புதன் போனது. வியாழன் காலை வாட்ஸ்அப்பில், "அக்கா, மெயில் பாத்தீங்களா?" என்று கேட்டேன். கட்டைவிரல் வந்தது. பார்த்தேன் என்று அர்த்தம். படித்தேன் என்றோ, ஒப்புக்கொண்டேன் என்றோ அர்த்தமில்லை. எனக்கும் அது புரிந்தேதான் இருந்தது. ஆனால் பெரியவரைத் திரும்பத் திரும்ப நச்சரிக்கக் கூச்சம். விடுமுறை முடிந்து 18, புதன் அன்று போன் செய்தேன்.

"என்னா முடிவு மா? எல்லாம் நல்லாப் போகுதுன்னு தானே எழுதியிருந்த? நான் துண்டறிக்கை கூட அடிச்சிட்டேனே!"

நான் எழுதியிருந்தது உண்மையில் அப்படித்தான் இருந்தது. முதல் வரியே, "வேலைகள் மிக நன்றாக முன்னேறி வருகின்றன அக்கா" என்றுதான்.

அந்த ஒன்பதாவது பத்தியை மறுபடி படியுங்கள். அதில் கேள்விக்குறியே கிடையாது. "தேவைப்பட்டால்", "யோசிக்கலாம்", "என நினைக்கிறோம்" என்று மூன்று பஞ்சுப் பொதி. "உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது" என்பது நம் வாயில் மரியாதைக்காக வருகிற சொல், ஆனால் தீபாவளி நேரத்துச் சேலைக்கடையில் யாருக்கு எப்போது நேரம் கிடைக்கும்? ஒரே வாக்கியத்தில் "நேரம் கிடைக்கும்போது" என்றும் "புதன்கிழமைக்குள்" என்றும் சொன்னால், முன்னது பின்னதைத் தின்றுவிடும். புதிய இசைக்கு எவ்வளவு பணம் என்று இல்லை. முக்கியமாக, சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இல்லவே இல்லை.

எனக்கு வெட்கமாக இருந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. நான் ஊடகம் படித்தவள். முக்கியமானதை முதலில் சொல் என்பதுதான் எங்களுக்கு முதல் பாடம். காலையில் போக்குவரத்துச் செய்தி சொல்லும்போது நான் என்ன செய்கிறேன்? "கூட்டரசு நெடுஞ்சாலை, கிள்ளான் நோக்கிப் போகிறவர்கள், ஒரு தடம் அடைப்பு, வேறு பாதை எடுங்கள்." எங்கே, யாருக்கு, என்ன, என்ன செய்ய வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறவர் இன்னும் ஒரு நிமிடத்தில் இடப்பக்கம் திரும்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவர். அவரிடம் நான் வானிலையில் ஆரம்பித்து ஒன்பதாவது வாக்கியத்தில் விபத்தைச் சொன்னால் அடுத்த நாள் எனக்கு வேலை இருக்காது. அதே ஆள்தான் கடை அக்காவுக்குக் கதை எழுதி அனுப்பியிருக்கிறேன்.

ஸ்டிக்கர் ஒட்டிய வாரத்தின் முடிவில், ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து அடுத்த மின்னஞ்சலை எழுதினேன். முதலில் எக்செல் பாணியில் ஐந்து பத்தியுள்ள அழகான அட்டவணை போட்டேன். என் கைப்பேசிக்கே அனுப்பிப் பார்த்தேன். பாதிதான் தெரிந்தது, மீதியை விரலால் பக்கவாட்டில் இழுக்க வேண்டியிருந்தது. அக்கா கல்லாவில் நின்றபடி, ஒரு கையில் மீட்டர் அளவுகோலோடு பார்ப்பவர். அட்டவணையைத் தூக்கிப் போட்டேன். கடைசியில் செப்டம்பர் 23, திங்கள் காலை போனது இதுதான். கடையின் பெயரை மட்டும் எடுத்துவிட்டு அப்படியே தருகிறேன்.

பொருள்: சேலைத் தொடர் – செப் 23 – மஞ்சள் – 1 முடிவு வேண்டும், வெள்ளி 27-க்குள்

அக்கா, வணக்கம். அக்டோபர் 1 வெளியீடு நிலைக்கும். ஆறாம் பாகத்தைப் பற்றி உங்கள் முடிவு ஒன்று வேண்டும், வெள்ளி (செப் 27) மாலை 5 மணிக்குள்.

உங்கள் முடிவு
ஒரு வாரம் தள்ளியதால் தீபாவளிக்கு முன் ஐந்து செவ்வாய்தான் இருக்கின்றன. ஆறு பாகத்தை என்ன செய்யலாம்?
அ) ஐந்தோடு நிறுத்தலாம். 900 வெள்ளி மிச்சம்.
ஆ) ஆறும் வரும். கூடுதலாகச் சனி, அக் 26 அன்று ஒன்று வெளியிடுவோம். பேசிய தொகைக்கு மேல் செலவு இல்லை.
எங்கள் யோசனை: ஆ. தீபாவளிக்கு முந்தைய கடைசிச் சனி, கடைக்கு ஆள் வரும் நாள்.
பதில் வராவிட்டால்: ஆறாவதைப் பதிவு செய்ய மாட்டோம், ஐந்தோடு நிற்கும்.
அ அல்லது ஆ என்று ஓரெழுத்து அனுப்பினால் போதும்.

நிலை: மஞ்சள்
வெளியீடு: செப் 24-லிருந்து அக் 1-க்கு மாறியது. தாமதம் எங்கள் தவறு.
முடிந்தது (நீங்கள் கேட்டு ஒப்புக்கொண்டது): பாகம் 1, 2.
நடக்கிறது: தலைப்பு இசை. புதன் (செப் 25) உங்களுக்கு வரும். அன்று மாலைக்குள் கேட்டுச் சொன்னால் பச்சை.
அடுத்தது: பாகம் 3 பதிவு சனி (செப் 28). பாகம் 4, 5 பதிவு சனி (அக் 5).
பணம்: 12,000 வெள்ளியில் 5,400 செலவு. புதிய இசைக்கான 1,200 அந்த 12,000-க்குள் அடங்கும்.

கவனிக்க வேண்டியது
மூன்றாம் பாகத்துப் பாட்டிக்கு அக் 2 கண் ஆபரேஷன். மருத்துவமனை தேதியை முன்னால் கொண்டுவந்தால் சனிக்கிழமைப் பதிவு நடக்காது. நடக்காவிட்டால் மூன்றும் நான்கும் இடம் மாறும், வெளியீட்டுத் தேதிகள் மாறாது. வியாழன் (செப் 26) பாட்டி வீட்டில் கேட்டு உறுதி செய்வது என் பொறுப்பு. நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்.

அவ்வளவுதான். என் கைப்பேசியில் மூன்று திரை. மேலே உள்ள ஒரு திரையிலேயே முடிவு பற்றிய எல்லாமும் வந்துவிடும். மீதியை அவர் படிக்காவிட்டாலும் வேலை நிற்காது. ஓர் இணையப் பக்கத்தில் கண் எப்படி ஓடுகிறது என்று நீல்சன் நார்மன் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. மேலே ஒரு முறை குறுக்காக, கொஞ்சம் கீழே இன்னொரு முறை குறுக்காக, பிறகு இடது ஓரமாக நேரே கீழே. ஆங்கில எஃப் எழுத்து மாதிரி. அதனால்தான் "எங்கள் யோசனை", "பதில் வராவிட்டால்", "பணம்" எல்லாம் வரியின் தொடக்கத்தில் நிற்கின்றன. இடது ஓரத்தை மட்டும் மேய்ந்தாலும் எது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

பொருள் வரியில் நான் பழைய ஆள். முன்பெல்லாம் "தொடர் பற்றிய தகவல்" என்றுதான் போடுவேன், பிறகு அதற்கே பதில் மேல் பதிலாகப் போய், எட்டு மின்னஞ்சலும் ஒரே பெயரில் கிடக்கும். இப்போது தேதி, நிறம், எத்தனை முடிவு, எப்போதைக்குள். திறக்காமலேயே அவருக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். முடிவு எதுவும் தேவையில்லாத வாரம் "முடிவு இல்லை" என்றே போடுகிறேன். அதுவும் தகவல்தான்.

"பதில் வராவிட்டால்" வரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நண்பர் ஒருவர் இதை மிரட்டல் மாதிரி இருக்கிறது என்றார். வாடிக்கையாளரைப் பார்த்து, நீ பேசாவிட்டால் நான் இப்படிச் செய்துவிடுவேன் என்பதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மௌனத்துக்கும் ஒரு விளைவு இருக்கிறது, அதை அவரிடமிருந்து ஒளித்து வைப்பதுதான் மரியாதைக் குறைவு. ஆனால் இதில் ஓர் எல்லை வைத்திருக்கிறேன். பதில் வராதபோது நாம் எடுக்கும் வழி அவர் பணத்தைச் செலவழிப்பதாக இருக்கக் கூடாது, பின்னால் திருத்த முடியாததாகவும் இருக்கக் கூடாது. எங்களுக்குப் பிடித்தது ஆ. இருந்தாலும் மௌனத்துக்கு நான் எழுதியது அ. "பதில் இல்லை, அதனால் உங்கள் 900 வெள்ளியைச் செலவு செய்துவிட்டோம்" என்று யாரிடமும் சொல்ல முடியாது. செலவில்லாத வழியே இல்லாத கேள்வி என்றால் அது மின்னஞ்சலில் காத்திருக்க வேண்டிய கேள்வி அல்ல, அன்றே காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும்.

நிறத்தில்தான் நிறையப் பேர் ஏமாற்றுகிறார்கள். வாடிக்கையாளரை மட்டுமல்ல, தங்களையும். திட்ட மேலாண்மை வேலையில் இருப்பவர்கள் இதைத் தர்பூசணி என்று கிண்டல் செய்வார்கள். வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு. செப்டம்பர் 9-இல் நான் அனுப்பியது ஒரு முழுத் தர்பூசணி. அதைத் தவிர்க்க நானும் ஒலிப்பதிவு நண்பரும் நிறத்துக்கு அர்த்தத்தை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டோம், அக்காவுக்கும் ஒருமுறை சொன்னோம். பச்சை என்றால், ஒன்றும் புதிதாகச் செய்யாமலே தேதியும் பணமும் நிலைக்கும். மஞ்சள் என்றால், யாராவது குறிப்பிட்ட ஒன்றைச் செய்தால் நிலைக்கும், செய்யாவிட்டால் போய்விடும். சிவப்பு என்றால், தேதியோ பணமோ போய்விட்டது, அல்லது எங்கள் கையால் மட்டும் காப்பாற்ற முடியாது. இப்படி வரையறுத்த பிறகு, மஞ்சளுக்குப் பக்கத்தில் அந்தக் "குறிப்பிட்ட ஒன்று" என்ன என்று எழுதாமல் விட முடியாது. அந்த வாரம் அது புதன்கிழமை இசையைக் கேட்டுச் சொல்வது. மனம் எப்படி இருக்கிறது என்பதை வைத்து நிறம் போட்டால் எல்லா வாரமும் பச்சைதான்.

நிறத்தை வட்டப் பொட்டாகப் போடாமல் எழுத்தில் போடுவதற்கும் காரணம் இருக்கிறது. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் நம்மில் உண்டு. இன்னொன்று, அக்கா என் மின்னஞ்சலைக் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டி வைப்பார். எனக்கு இது ரொம்ப நாள் தெரியாது.

"முடிந்தது" என்ற சொல்லும் இதேபோல வழுக்கும். எங்களைக் கேட்டால் நாங்கள் வெட்டி ஒட்டி முடித்தாலே முடிந்தது. அக்காவுக்கோ, கேட்டு, பிடித்து, அதற்குமேல் மாற்றம் இல்லை என்றால்தான் முடிந்தது. முந்தைய மின்னஞ்சலில் "ஏறக்குறைய எண்பது விழுக்காடு முடிந்துவிட்டது" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். எதில் எண்பது? யார் அளந்தது? இதில் விழுக்காடே இல்லை. ஆறு பாகத்தில் அவர் ஒப்புக்கொண்டது இரண்டு. எண்ணிக்கை சின்னதாகத் தெரிகிறது, மனசு கொஞ்சம் வலிக்கிறது, ஆனால் யாரும் அதைத் தப்பாகப் புரிந்துகொள்ள முடியாது.

தள்ளிப்போன தேதியை மறைக்காமல் பழையதையும் புதியதையும் சேர்த்து எழுதியதில் எனக்குத் தயக்கம் இருந்தது. அசிங்கத்தை ஏன் அச்சில் ஏற்ற வேண்டும்? அடுத்த நாளே பதில் கிடைத்தது. அக்கா அந்த மின்னஞ்சலைச் சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு அனுப்பியிருக்கிறார். கடைக் கணக்கை அவர்தான் பார்க்கிறார். எங்களோடு ஒரு வார்த்தை பேசியதில்லை, முன்கதை ஒன்றும் தெரியாது. அவருக்கு வந்தது அந்த மூன்று திரை மட்டும்தான். "ஒரு வாரம் லேட், காசு கூடல, சரி மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். மின்னஞ்சல் யாருக்கு அனுப்புகிறோமோ அவரோடு நிற்பதில்லை. நமக்குத் தெரியாத ஒருவர், பெரும்பாலும் பணத்தைப் பிடித்திருப்பவர், அதைத் தனியாகப் படிப்பார். "நாம் பேசியபடி" என்று எழுதியிருந்தால் அவருக்கு என்ன புரிந்திருக்கும்?

"கவனிக்க வேண்டியது" என்ற தலைப்புக்கும் ஒரு கதை உண்டு. அலுவலகங்களில் இதை இடர் என்பார்கள், ஆங்கிலத்தில் ரிஸ்க். முதலில் "ஆபத்து" என்றே எழுதியிருந்தேன். என் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "யாருக்கு என்னாச்சு?" என்று பதறினார். மாற்றிவிட்டேன். பெயர் எதுவானாலும், நடந்துவிட்ட சிக்கலையும் நடக்கக்கூடிய சிக்கலையும் ஒரே பையில் போடக் கூடாது. தேதி தள்ளியது நடந்துவிட்டது, அது நிலையில் இருக்கிறது. பாட்டியின் கண் இன்னும் நடக்காதது. நடக்காத ஒன்றை எழுதும்போது, எதனால், என்ன நடக்கலாம், நடந்தால் எது பாதிக்கும், எப்போது தெரியும், யார் பார்க்கிறார்கள் என்று ஐந்தும் வர வேண்டும். "விருந்தினர்கள் வராமல் போகலாம்" என்று மட்டும் எழுதினால் அது பயமுறுத்தல். படிப்பவர் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஒரு மின்னஞ்சலில் ஒன்று, அதிகம் போனால் மூன்று. பத்து எழுதினால், பின்னால் ஏதாவது நடந்தால் நான் அப்போதே சொன்னேனே என்று தப்பிக்கப் பார்க்கிறோம் என்று அர்த்தம்.

இந்த மின்னஞ்சல் செய்ய முடியாத காரியம் ஒன்று இருக்கிறது. தேதி தள்ளியதை அக்கா முதலில் இதில் படித்திருந்தால் தொடர் அன்றோடு முடிந்திருக்கும். அது 18-ஆம் தேதியே போனில், என் வாயால், திட்டு வாங்கியபடி சொல்லப்பட்டது. கெட்ட செய்தி முதலில் குரலில் போக வேண்டும். எழுத்து அதைப் பதிவு செய்யத்தான். எழுத்தில் முதலில் படிப்பவருக்குத் திருப்பிக் கேட்க ஆள் கிடையாது, அதுவும் இரவு பதினொரு மணிக்கு என்றால் தூக்கமும் கிடையாது.

அந்தத் திங்கட்கிழமை காலை பத்தரைக்கு அனுப்பினேன். கடை திறந்து, கூட்டம் சேர்வதற்குள் கிடைக்கிற அரை மணி நேரம் அது. பதினோரு நிமிடத்தில் பதில் வந்தது. "ஆ". வேறொன்றும் இல்லை. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அந்த ஓரெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புதன் இசை போனது, மாலையே "நல்லா இருக்கு, வீணை சத்தம் கொஞ்சம் கூட்டு" என்று வந்தது. கூட்டினோம். அக்டோபர் 1 முதல் பாகம் வெளியானது.

அதற்கு முந்தைய நாள், செப்டம்பர் 30, திங்கட்கிழமை மின்னஞ்சலை நான் கொஞ்சம் கர்வத்தோடுதான் அனுப்பினேன். பொருள் வரியில் பச்சை, முடிவு இல்லை. மூன்று பாகம் பதிவாகிவிட்டது, பணம் இவ்வளவு, கவனிக்க வேண்டியது எதுவும் இல்லை. ஒன்றரைத் திரையில் முடிந்தது.

ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது.

"ஏன் மா, பாட்டி கண்ணு என்னாச்சு? போன வாரம் எழுதியிருந்த, இந்த வாரம் ஒன்னுமே காணோம். நான் என்னன்னு நினைக்கிறது?"

நடந்ததெல்லாம் நல்லதுதான். வியாழன் பாட்டி வீட்டில் கேட்டேன், ஆபரேஷன் தேதி மாறவில்லை, சனிக்கிழமை பாட்டி இரண்டு மணி நேரம் பேசினார், நாங்கள் பத்து நிமிடத்துக்கு வெட்ட முடியாமல் தவித்தோம். என் மனதில் அது முடிந்த கதை, அதனால் வரியை எடுத்துவிட்டேன். அக்கா மனதில் அது ஒரு வாரமாகத் திறந்தே கிடந்திருக்கிறது. போன வாரம் எழுப்பிய கவலையை இந்த வாரம் ஒரு வரியில் மூடிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போது "போன வாரத்துக் கவலை" என்று ஒரு வரி நிரந்தரமாக இருக்கிறது.

நடந்ததைச் சொன்னேன். அக்கா பெருமூச்சு விட்டார்.

"சரி. பாட்டிக்குன்னு ஒரு சுங்குடி எடுத்து வச்சிருக்கேன், கண்ணுக்கு உறுத்தாத நிறம். புதன்கிழமை ஆபரேஷன் முடிஞ்சதும் வந்து வாங்கிட்டுப் போய்க் குடு. இதுக்கும் மெயில் போட்டுக்கிட்டு இருக்காத."